73 நாள் பொறுத்திருந்தால்

2025 ஏப்ரல். மூத்தவளின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மே முதல் வாரத்தில் பிள்ளைகளோடு துபாய் போவது என்று முடிவு செய்து, கீழக்கரையில் நாங்கள் வழக்கமாகப் போகும் டிராவல்ஸில் நான்கு பாஸ்போர்ட்டையும் கொடுத்தேன். அந்தத் தம்பி ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, மூத்தவளுடையதை மட்டும் தனியாக எடுத்து மேஜையில் வைத்தார்.

"லாத்தா, இதுக்கு விசா போட முடியாது. ஆகஸ்ட்ல முடியுது. ஆறு மாசம் கையில இருக்கணும்."

எனக்குப் புரியவில்லை. எடுத்து மூன்று வருடம்கூட ஆகவில்லையே. பெரியவர்களுக்குப் பத்து வருடம், பிள்ளைகளுக்கு ஐந்து வருடம் என்று யாரோ சொன்னது மட்டும் என் மனதில் இருந்தது. 2022-ல் எடுத்தது, 2027 வரை ஓடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட் வந்த அன்று பெயர் சரியா, பிறந்த தேதி சரியா என்று பார்த்த நான், முடிவுத் தேதியைப் பார்க்கவே இல்லை. 2025 ஆகஸ்ட் என்று தெளிவாகத்தான் அச்சடித்திருந்தது. அவளுக்குப் பதினெட்டு நிறைகிற மாதம் அது.

விதி இப்படி: பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குக் கொடுக்கும் பாஸ்போர்ட் ஐந்து வருடம் செல்லும், அல்லது பதினெட்டு வயது நிறையும் வரை செல்லும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ஐந்து வருடம் என்ற பாதியை எல்லோரும் சொல்வார்கள். இன்னொரு பாதியை யாரும் சொல்வதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அது தேவைப்படாது என்பதால் இருக்கலாம். மூன்று வயதில் எடுத்தாலும் பத்து வயதில் எடுத்தாலும் முழுதாக ஐந்து வருடம் கிடைத்துவிடும். பதின்மூன்று வயது தாண்டிய பிறகுதான் கடிக்க ஆரம்பிக்கும். பதின்மூன்றரையில் எடுத்தால் நாலரை வருடம், பதினான்கில் எடுத்தால் நான்கு, பதினைந்துக்கு முந்தின மாதம் எடுத்தால் மூன்று வருடமும் கொஞ்சமும். கட்டணம் மட்டும் பதின்மூன்று தாண்டிய இவை எல்லாவற்றுக்கும் ஒரே 1,000 ரூபாய்.

பதினைந்து முடிந்துவிட்டால் கதை மாறுகிறது. பதினைந்திலிருந்து பதினெட்டுக்குள் விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இரண்டு வழி உண்டு. பதினெட்டு வரை மட்டும் போதும் என்று கேட்கலாம், அதற்கு 1,000 ரூபாய். இல்லை, பெரியவர்களைப் போலப் பத்து வருடம் வேண்டும் என்று கேட்கலாம், அதற்கு 1,500 ரூபாய். இது 36 பக்கப் புத்தகத்துக்கான கட்டணம்.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். மூத்தவள் பிறந்தது 2007 ஆகஸ்ட் 22. நான் அவளுக்கு விண்ணப்பித்தது 2022 ஜூன் 10. அன்றைக்கு அவளுக்குப் பதினான்கு வயதும் ஒன்பது மாதமும் சில நாட்களும். இன்னும் 73 நாள் பொறுத்திருந்தால் பதினைந்து முடிந்திருக்கும். 500 ரூபாய் கூடுதலாகக் கட்டி 2032 வரைக்கும் ஓடும் பாஸ்போர்ட்டை வாங்கியிருக்கலாம். நாங்கள் முதல் தடவை துபாய் போனதே அந்த வருடம் டிசம்பர் அரையாண்டு லீவில்தான். செப்டம்பரில் விண்ணப்பித்திருந்தாலும் தாராளமாகக் கைக்கு வந்திருக்கும். அப்படியிருந்தும் ஏன் ஜூனில் ஓடினோம் என்றால், இவர் லீவில் ஊரில் இருந்தார், இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிடலாம், மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே அலைச்சலில் முடித்துவிடலாம் என்ற எண்ணம்தான். அது ஒன்றும் தப்பான எண்ணம் இல்லை. ஆனால் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நாள் சரியான நாளாக இருக்காது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

டிராவல்ஸ் தம்பி சொன்ன ஆறு மாதம் வேறு இருக்கிறது. அமீரகத்துக்குப் போக பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். சவூதி, மலேசியா, சிங்கப்பூரும் அப்படியே கேட்கும். ஆக, அட்டையில் மூன்று வருடம் என்று இருந்தாலும் அதில் கடைசி ஆறு மாதம் நமக்கு உதவாது. மூத்தவளின் பாஸ்போர்ட் உண்மையில் பயன்பட்டது 2025 பிப்ரவரி வரைக்கும்தான். பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வாங்கிய நேரத்திலேயே அது செத்துவிட்டது. எங்களுக்கு ஏப்ரலில்தான் தெரிந்தது.

அன்று இரவு இவரிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்ப ஆகஸ்ட் வரைக்கும் விடு. பதினெட்டு ஆனதும் பெரிய ஆளாவே எடுத்துடலாம்" என்றார். அதுவும் ஒரு வழிதான். பதினெட்டு முடிந்தால் பெற்றோர் கையெழுத்து எதுவும் வேண்டாம், அவளே தனியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் ஜூனில் கல்லூரி திறந்துவிடும், அதற்குப் பிறகு அவளுக்கு எங்கே லீவு? மேயிலேயே போவது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அவளுக்கு அப்போது பதினேழு வயதும் எட்டு மாதமும். பத்து வருடம் கேட்கும் உரிமை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

விண்ணப்பிக்கும்போது முதலில் தடுமாறியது புதிதா, மறு வழங்கலா என்ற இடத்தில். பிள்ளைப் பாஸ்போர்ட் முடிந்து பெரிய பாஸ்போர்ட் எடுப்பதைப் புதிய விண்ணப்பம் என்று நினைப்பவர்கள் எங்கள் தெருவிலேயே நிறைய பேர். அப்படி இல்லை. ஒரு தடவை பாஸ்போர்ட் வாங்கியிருந்தால், அது குழந்தையாக இருக்கும்போது வாங்கியதானாலும், அடுத்தது ரீ-இஷ்யூதான். பழைய எண்ணைத் தர வேண்டும், பழைய புத்தகத்தைக் கொண்டுபோக வேண்டும். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே மறு வழங்கலுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு எந்த நாளில் போயிருந்தாலும் வேலை முடிந்திருக்கும்.

அடுத்தது, செல்லுபடிக் காலத்தைக் கேட்கும் இடம். படிவத்தில் பதினைந்து முதல் பதினெட்டு வயதுள்ளவர்களுக்காக மட்டும் ஒரு கேள்வி இருக்கிறது: பத்து வருடமா, பதினெட்டு வரையா என்று. இதை நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவரிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் நாத்தனார் மகன் கதை இருக்கிறது. அவன் விண்ணப்பித்தபோது பதினாறு வயது பதினோரு மாதம். நிரப்பியவர் கட்டணம் குறைவாக வருகிறதே என்று பதினெட்டு வரை என்பதை அழுத்திவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். பையனுக்குக் கிடைத்தது பதின்மூன்று மாத பாஸ்போர்ட். அதில் ஆறு மாதத்தைக் கழித்தால் ஏழு. சேமித்தது 500 ரூபாய். அடுத்த வருடமே 1,500 கட்டி மறுபடி எடுத்தார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் திரையில் வரும் தொகையைப் பாருங்கள். 1,000 என்று வந்தால் பதினெட்டு வரைக்கும்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான சோதனை இல்லை.

எங்களுக்கு நாள் இழுத்தது வாப்பா கையெழுத்தில்தான். பத்து வருட பாஸ்போர்ட் கேட்டாலும் பிள்ளை இன்னும் மைனர்தான். அதனால் பெற்றோர் இருவரும் சம்மதித்துக் கையெழுத்திடும் அனெக்சர் டி என்ற உறுதிமொழி வேண்டும். 2022-ல் இவர் ஊரில் இருந்ததால் இரண்டு பேரும் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். இந்தத் தடவை இவர் துபாயில். அப்படி ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், ஊரில் இருப்பவர் அனெக்சர் டி-யில் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் தன் சம்மதத்தை ஒரு உறுதிமொழிப் பத்திரமாக எழுதி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, அசலையே அனுப்ப வேண்டும். வாட்ஸாப்பில் வந்த படத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் வேலை ஆகாது. இவர் வேலைக்கு லீவு சொல்லி, நாள் குறித்து வாங்கி, சான்றொப்பம் போட்டு, ஊருக்கு வருகிற ஆளைத் தேடிக் கொடுத்துவிட ஏறக்குறைய மூன்று வாரம் போனது. கொண்டுவந்து கொடுத்த காக்காவுக்குத் திரும்பிப் போகும்போது ஒரு கிலோ தொதல் கட்டிக் கொடுத்தேன். பாஸ்போர்ட் செலவில் அதையும் எழுத வேண்டும்.

எங்கள் கரையோரத்தில் கீழக்கரை ஆனாலும் பெரியபட்டினம் ஆனாலும் தொண்டி ஆனாலும் பாதி வீடுகளில் வாப்பா வெளிநாட்டில்தான். அதனால் எனக்கு நானே போட்டுக்கொண்ட ஒழுங்கு இது: அவர் லீவில் வருகிற ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் பாஸ்போர்ட்டை எடுத்து முடிவுத் தேதியைப் பார்ப்பது. அடுத்த லீவுக்குள் எதாவது முடிகிறதா, யாருக்காவது பதினைந்து ஆகிறதா என்று பார்த்து, அவர் இருக்கும்போதே முடித்துவிடுவது.

பத்திரம் வந்த மறுநாளே ராமநாதபுரம் தபால் அலுவலகத்தில் இருக்கும் சேவை மையத்துக்கு மகளோடு போனேன். என் அசல் பாஸ்போர்ட், இவர் பாஸ்போர்ட் நகல், அவளுடைய பழைய பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஒரு காரணம் இருக்கிறது. பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஈசிஆர் என்ற, குடியேற்ற அனுமதி தேவை என்கிற முத்திரை விழாது. அவர்கள் விலக்குப் பெற்ற பிரிவு. பெரியவர்களானதும் அந்த விலக்கு போய்விடும், பத்தாவது தேறியதற்குச் சான்று காட்டினால்தான் முத்திரை இல்லாமல் கிடைக்கும். இந்த முத்திரை விழுந்த பாஸ்போர்ட்டோடு அமீரகம், சவூதி, கத்தார், குவைத் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் தனியாக அனுமதி வாங்க வேண்டும். பையன்கள் பதினெட்டு ஆனதும் அவசரத்தில் ரீ-இஷ்யூவுக்கு ஓடும்போது மறந்து போவது இந்த ஒரு காகிதத்தைத்தான்.

அங்கே பேனாவைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னதும் மகள் திகைத்து நின்றாள். 2022-ல் பேரை அப்படியே தமிழில் எழுதியிருந்தாள். இப்போது என்னைப் பார்த்து, "உம்மா, எது போடட்டும்?" என்கிறாள். பத்து வருடம் இந்தக் கையெழுத்தோடுதான் இருக்க வேண்டும், நாளைக்கு வங்கியிலும் அதையே கேட்பார்கள் என்று சொல்லி, ஒரு தாளில் நாலு தடவை போட்டுப் பார்க்க வைத்தேன். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையைப் பத்து வருடத்துக்குக் கூட்டிப் போகிறவர்கள் இதை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது.

போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு யாரும் வரவில்லை. எங்கள் இரண்டு பேரிடமும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்ததால் மைனருக்கு அது தேவைப்படவில்லை. ஆகஸ்டில் பதினெட்டு முடிந்து போயிருந்தால் இந்தச் சலுகை இருந்திருக்காது. மதுரை மண்டல அலுவலகத்திலிருந்து பாஸ்போர்ட் ஸ்பீடு போஸ்ட்டில் வந்தது. இந்தத் தடவை உறையைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது முடிவுத் தேதியைத்தான். 2035.

என் மாமிக்கு இதில் திருப்தி இல்லை. "நாளைக்கு நிக்காஹ் ஆனா மாப்பிள்ளை பேரைச் சேர்க்கணும்ல, எதுக்கு இப்பவே பத்து வருஷத்துக்கு எடுத்தீங்க" என்றார்கள். கல்யாணம் ஆனதால் பாஸ்போர்ட் செல்லாமல் போவதில்லை. பேரைச் சேர்ப்பது அவள் விருப்பம், சேர்க்க நினைத்தால் அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்காக இப்போதே குறைத்து வாங்க வேண்டியதில்லை. மாமி ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு.

மே முதல் வாரம் போக வேண்டிய பயணம் மே கடைசிக்குத் தள்ளிப் போனது. டிக்கெட் விலை ஏறியிருந்தது. ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளை அங்கே இவரோடு கொண்டாட முடிந்தது. திட்டப்படி போயிருந்தால் அது கிடைத்திருக்காது.

திரும்பி வந்த பிறகு மற்ற இரண்டு பேருக்கும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதில் நடுவன் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலருக்கு உதவும்.

அவன் பிறந்தது 2013 ஜனவரி. அவனுக்கும் 2022 ஜூனில்தான் எடுத்தோம், அப்போது ஒன்பதரை வயதுக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து வருடம் முழுதாகக் கிடைத்தது. 2027 ஜூனில் முடியும். அன்றைக்கு அவனுக்குப் பதினான்கு வயது ஐந்து மாதம் இருக்கும். முடிந்த கையோடு ரீ-இஷ்யூ செய்தால் அக்காவுக்கு நடந்ததேதான் இவனுக்கும் நடக்கும். 2031 ஜனவரியில், பதினெட்டில் நின்றுவிடும். கடைசி ஆறு மாதத்தைக் கழித்தால் மூன்று வருடப் பயன். அப்புறம் மறுபடி 1,500 கட்டிப் பெரிய பாஸ்போர்ட். அதற்குப் பதிலாக, 2027 ஜூனில் முடிகிற பாஸ்போர்ட்டை முடியவிட்டுவிட்டு, 2028 ஜனவரியில் பதினைந்து ஆனதும் போனால் ஒரே தடவையில் 2038 வரை. இடையில் ஏழு மாதம் கையில் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருக்காது. அந்த ஆறு மாத விதியால் 2026 டிசம்பரிலிருந்தே அவனால் துபாய் போக முடியாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வருடத்துக்கு மேலே பயணம் இல்லை. எங்களுக்கு அது பரவாயில்லை, அந்தக் கோடையில் இவரே ஊருக்கு வருகிறார். பாஸ்போர்ட் காலாவதியாகிச் சில மாதம் சும்மா கிடப்பதால் அபராதம் எதுவும் இல்லை. மூன்று வருடத்துக்குள் போனால் காலாவதியானதற்கான சாதாரண ரீ-இஷ்யூதான்.

ஆனால் இதை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் வாப்பாவுக்கு உடம்பு சரியில்லை, குடும்பமே அங்கே குடியேறப் போகிறது, பிள்ளைக்கு அங்கே பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது என்றால் பதினான்கில் இருக்கும் பிள்ளைக்கும் உடனே எடுத்துவிட வேண்டியதுதான். மூன்று வருட பாஸ்போர்ட்டும் பாஸ்போர்ட்தான். காத்திருப்பதில் லாபம் இருப்பது, பிறந்தநாள் பக்கத்தில் இருந்து பயணம் தூரத்தில் இருக்கும்போது மட்டும். காத்திருப்பதென்று முடிவு செய்தால், பதினைந்தாவது பிறந்தநாள் கழிந்த பிறகே படிவத்தை நிரப்புங்கள். இப்போதே நிரப்பி வைத்துக்கொண்டு, நேரில் போகும் நாளைப் பிறந்தநாளுக்கு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்ற சாமர்த்தியம் வேண்டாம்.

கடைக்குட்டி கணக்கில் சிக்கல் எதுவும் இல்லை. 2022-ல் அவளுக்கு ஒன்றரை வயது. எட்டு வயதுக்குக் கீழே என்பதால் புதிய விண்ணப்பத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி, 900 ரூபாய்தான் கட்டினோம். நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அங்கே படம் பிடிப்பதில்லை, வெள்ளைப் பின்னணியில் 4.5-க்கு 3.5 சென்டிமீட்டர் போட்டோவை நாமே கொண்டுபோக வேண்டும். அந்தப் போட்டோவில் இருக்கும் மொட்டைத் தலைக் குழந்தைக்கும் இப்போது ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு தெருவில் ஓடுகிறவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. துபாய் விமான நிலையத்தில் அதிகாரி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். அவளுடையதும் 2027 ஜூனில் முடிகிறது. அப்போது ஏழு வயதுக்குக் கீழே இருப்பாள், ரீ-இஷ்யூ செய்தால் மறுபடி முழுதாக ஐந்து வருடம். அண்ணனோடு சேர்த்து இவளையும் காக்க வைக்க வேண்டியதில்லை. இந்தத் தடவை இரண்டு பேருக்கும் இரண்டு தேதி, அலமாரிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.